ஒரு கம்பம்தானே, எவ்வளவு ஆகும்?

2019 மே 5 அன்று ஒளிபரப்பான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் பகுதி ஒன்றில், விருந்து மேசையில் அரசி டேனேரிஸுக்கு முன்னால் இந்தக் காலத்துக் காகிதக் காபிக் கோப்பை ஒன்று நின்றுகொண்டிருந்தது. படப்பிடிப்பில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கோப்பை. வாளும் டிராகனும் உலவும் கதையில் அதைக் கண்டுபிடித்த ரசிகர்கள் உலகம் முழுவதும் சிரித்தார்கள். இரண்டே நாளில் எச்பிஓ நிறுவனம் தன் இணையப் பதிப்பிலிருந்து கோப்பையை அழித்துவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2017இல், ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தில் அழிக்க வேண்டியிருந்தது ஒரு மீசை. மறுபடப்பிடிப்பு நடந்தபோது சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க அந்தப் படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் சம்மதிக்கவில்லை. கணினியில் மீசையை எடுத்தார்கள். பெரிய பட்ஜெட், பெரிய குழு, இருந்தும் சூப்பர்மேனின் மேலுதடு ஏதோபோல் இருப்பதைத் திரையரங்கில் உட்கார்ந்த சாதாரண ரசிகரே கண்டுகொண்டார்.

கோப்பையும் சிறியது, மீசையும் சிறியது. ஆனால் கோப்பை மேசையில் அசையாமல் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் மேசைதான். மீசையோ பேசும்போதெல்லாம் அசைந்தது, ஒவ்வொரு அசைவிலும் மூக்கோரச் சுருக்கம் மாறியது. மனித முகம் எப்படி அசையும் என்பது பார்க்கிற எல்லோருக்கும் பிறந்ததிலிருந்து பழக்கம். வீடியோவில் ஒரு பொருளை அகற்றித் தரும் தொழிலில், விலையை முடிவு செய்வது பொருளின் அளவு அல்ல. அது போன பிறகு அந்த இடத்தில் என்ன தெரிய வேண்டும், அதன் முன்னால் எது குறுக்கே போகிறது என்ற இரண்டும்தான்.

சென்னையில் இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யும் ஃப்ரீலான்ஸர்கள் ஏராளம். பெரிய ஸ்டூடியோக்களில் ‘ரோட்டோ’, ‘பெயிண்ட்’ பிரிவுகளில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தனியாக வந்தவர்கள், குறும்படம், விளம்பரப் படம், கல்யாண வீடியோ என்று வேலை எடுக்கிறார்கள். கைத்தொழில் நன்றாகத் தெரிந்த பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: “ப்ரோ, ஒரே ஒரு கம்பம்தான், எவ்வளவு ஆகும்?” என்று போனில் கேட்டால், அந்த நிமிடமே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். “ரெண்டாயிரம் குடுங்க, நாளைக்கு முடிச்சுடலாம்” என்று சொன்ன வேலை பத்து நாள் இழுக்கும். வாங்கிய பணத்தை உழைத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மனம் நொந்துபோகும்.

ஷாட்டைப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் கட்டுப்பாடு. பார்ப்பது என்றால் வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய வீடியோவை அல்ல. அதில் படத்தின் நுண்துகள், தலைமுடியின் ஓரம், லேசான நிழல் எல்லாம் அழுந்தி மறைந்திருக்கும். எளிது என்று ஏமாற்றும். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையோ, அதற்கு நெருக்கமான தரத்தில் எடுத்த பிரதியையோ வாங்கி, பெரிய திரையில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? ஒரு வேலையை முழுவதுமாக எடுத்துக்கொண்டால் தெளிவாகும். ஒரு துணிக்கடையின் விளம்பரப் படத்தில் மூன்று ஷாட்கள் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சிக்கான படம் என்பதால் வினாடிக்கு 25 ஃப்ரேம்.

முதல் ஷாட் நான்கு வினாடி, நூறு ஃப்ரேம். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. தெருவோரம் நிறுத்தியிருக்கும் பைக்கை எடுக்க வேண்டும். யாரும் அதன் குறுக்கே போகவில்லை. நூறு ஃப்ரேம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு ஃப்ரேமில் பைக்கை அழித்து, சுவரையும் தரையையும் வரைந்து நிரப்பினால் போதும். அந்தத் துண்டை, தொழிலில் ‘பேட்ச்’ என்பார்கள், மற்ற 99 ஃப்ரேமிலும் அதே இடத்தில் வைத்துவிடலாம். பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கும். கேமரா எடுத்த எந்தப் படத்திலும் ‘கிரெய்ன்’ எனப்படும் நுண்துகள்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடித்துக்கொண்டே இருக்கும். நாம் வைத்த பேட்ச் மட்டும் துடிக்காமல் உறைந்து நின்றால் கண் உடனே அங்கே போகும். எனவே அதே அளவு கிரெய்னை அதன்மேல் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம்.

இரண்டாவது ஷாட்டில்தான் அந்தக் கம்பம் வருகிறது. ஆறு வினாடி, 150 ஃப்ரேம். கேமரா பக்கவாட்டில் மெல்ல நகர்கிறது. மின்கம்பத்தின் மேல்பாதிக்குப் பின்னால் வானம், கீழ்ப்பாதிக்குப் பின்னால் ஓட்டு வீட்டின் சுவர். நடுவில் இரண்டு வினாடி, அதாவது சுமார் 50 ஃப்ரேம், கதாநாயகி கம்பத்துக்கு முன்னால் நடந்துபோகிறார்; கூந்தல் காற்றில் பறக்கிறது.

கேமரா நகர்வதால் பேட்ச் அதே இடத்தில் நிற்க முடியாது. சுவர் எப்படி நகர்கிறதோ அப்படியே அதுவும் நகர வேண்டும். இதற்காகப் படத்திலுள்ள புள்ளிகளைப் பின்தொடர்ந்து அசைவைப் பதிவு செய்வதுதான் டிராக்கிங். இங்கே ஒரு சிக்கல்: அருகில் உள்ள சுவர் வேகமாக நகரும், தூரத்து மேகம் கிட்டத்தட்ட நகராது. ஓடும் ரயிலின் ஜன்னலில் பக்கத்து மரங்கள் பறக்க, தூரத்து மலை கூடவே வருவதைப் போல. அதனால் வானத்துக்கு ஒரு பேட்ச், சுவருக்கு ஒரு பேட்ச் என்று தனித்தனியே செய்ய வேண்டும். கேமரா நகர்வதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு ஃப்ரேமில் கம்பம் மறைக்கும் சுவர், இன்னொரு ஃப்ரேமில் வெளியே தெரியும்; அதை எடுத்து இங்கே ஒட்டலாம். இதில் கேமராவின் நகர்வு குறைவு. அதனால் சுவரின் ஒரு பகுதி எந்த ஃப்ரேமிலும் தெரியவில்லை, கற்பனையாக வரைந்தாக வேண்டும்.

அடுத்தது கதாநாயகி. அவர் பேட்ச்சுக்கு முன்னால் வர வேண்டும். அதற்கு அந்த 50 ஃப்ரேமிலும் அவருடைய உருவத்தின் ஓரத்தைக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இதுதான் ரோட்டோ. உடம்பும் சேலையும் ஓரளவு சுலபம். பறக்கும் முடியை யாராலும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பின்னால் உள்ள சுவருக்கும் முடிக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசத்தைப் பயன்படுத்திப் பிரிக்கப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியாத இழைகளைக் கையால் வரைந்து சேர்க்க வேண்டும். 150 ஃப்ரேம் ஷாட்டில் அதிக நேரத்தைத் தின்பது இந்த 50 ஃப்ரேம்தான். ‘வினாடிக்கு இவ்வளவு’ அல்லது ‘ஃப்ரேமுக்கு இவ்வளவு’ என்று தட்டையாக ரேட் வைப்பவர்கள் நஷ்டப்படுவதும் இங்கேதான்.

கணக்கு இப்படி வரும். பார்த்துத் தயார் செய்ய ஒரு மணி, டிராக்கிங் இரண்டு, பேட்ச் வரைய மூன்று, ரோட்டோவும் முடியும் ஆறு, கிரெய்ன், மங்கல், வெளிச்சம் பொருத்த இரண்டு, சரிபார்த்து ரெண்டர் செய்ய ஒன்று. மொத்தம் பதினைந்து மணி நேரம்.

மூன்றாவது ஷாட் மூன்றே வினாடி, 75 ஃப்ரேம். கேட்டால் மிக எளிதாகத் தோன்றும்: கடையின் கண்ணாடிக் கதவில் சிவப்புச் சட்டை போட்ட உதவியாளர் ஒருவரின் பிம்பம் விழுந்துவிட்டது, அதை எடுக்க வேண்டும். பிம்பம் ஒளி ஊடுருவுவது. அதன் வழியே உள்ளே அடுக்கிய சேலைகளும், நடமாடும் விற்பனைப் பெண்ணும் தெரிகிறார்கள். சிவப்பை அழித்தால் அவர்களும் சேர்ந்து போவார்கள். கேமரா கையில் பிடித்து எடுத்தது, அதனால் ஆட்டம் வேறு. கூர்ந்து பார்த்தால் அந்த உதவியாளரின் நிழல் வாசற்படியிலும் விழுந்திருக்கிறது. வாடிக்கையாளர் அதைக் கவனிக்கவே இல்லை. பிம்பம் போய் நிழல் மட்டும் நின்றால், ஆளில்லாத நிழலாகப் பயமுறுத்தும். ஒன்பது மணி நேரம் போட வேண்டிய ஷாட் இது.

2, 15, 9 என்று கூட்டினால் 26 மணி நேரம். எதிர்பாராதவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்து மணி நேரம் சேர்ப்பது நியாயம். டிராக்கிங் பிடிக்காமல் வழுக்கும் ஷாட் எப்போதும் ஒன்றாவது இருக்கும். இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு நான்கு மணி நேரம். ஆக 35.

இதைப் பணமாக மாற்ற மணிநேர ரேட் வேண்டும். அதை ஊரில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு வைப்பதைவிட, தன் வாழ்க்கையிலிருந்து கணக்கிடுவது நல்லது. மாதம் வீட்டுக்கு 45,000 ரூபாய் தேவை. கணினித் தவணை, மென்பொருள் சந்தா, மின்சாரம், இணையம் 15,000 என்று வைத்துக்கொண்டால் 60,000. ஒரு மாதத்தில் உண்மையிலேயே காசாகும் நேரம் எவ்வளவு? வேலை தேடுவது, பேசுவது, கோப்பு இறக்குவது, ஏற்றுவது, பாக்கி கேட்டு அலைவது எல்லாம் போக 120 மணி நேரம் கிடைத்தால் அதிகம். 60,000த்தை 120ஆல் வகுத்தால் மணிக்கு 500. 35 மணி நேர வேலைக்கு 17,500 ரூபாய். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். வகுக்கும் முறை மாறாது. ஸ்டூடியோக்களில் இதையே ‘மேன் டே’ என்று ஆள்-நாள் கணக்கில் சொல்வார்கள்.

அடுத்தது, எப்போது தருவது? 35 மணி நேரம் என்றதும் ‘நாளுக்கு எட்டு மணி நேரம், அப்படியானால் அஞ்சு நாள்’ என்று மனம் போடும் கணக்கு தவறு. கூந்தல் இழையை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்க்கும் வேலையில் ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கண்ணும் கவனமும் நிற்பதில்லை. திருத்தம் நீங்கலான 31 மணி நேரத்துக்கே ஆறு வேலை நாள் ஆகும். பிறகு வாடிக்கையாளர் பார்த்துச் சொல்ல இரண்டு நாள், முதல் சுற்றுத் திருத்தம் ஒரு நாள். மறுபடி அவர் பார்க்க இரண்டு நாள், இரண்டாம் சுற்று ஒரு நாள். பன்னிரண்டு வேலை நாள். இதில் நான்கு நாள் வாடிக்கையாளருடையவை. இதை வெளிப்படையாகப் பிரித்துச் சொன்னால்தான், அவர் ஐந்து நாள் கழித்துப் பதில் அனுப்பும்போது முடியும் தேதி தானாகத் தள்ளிப்போகும் என்பது இருவருக்கும் புரிந்திருக்கும். நாள் எண்ணத் தொடங்குவதும் போனில் ‘சரி’ என்று சொன்ன நாளிலிருந்து அல்ல; மூலக் கோப்புகளும் முன்பணமும் வந்து சேர்ந்த நாளிலிருந்து.

அவசரமாகக் கேட்டால்? ரோட்டோவை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அவருக்குக் கூலி உண்டு. ஞாயிறும் இரவும் உட்காரலாம். அதற்குப் பாதி விலை கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒரே ஷாட்டின் டிராக்கிங்கும் பேட்ச்சும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. இரண்டு பேர் உட்கார்ந்தால் பாதி நேரத்தில் முடியாது. இரட்டிப்புப் பணம் கொடுத்தாலும் குறையாத நாட்கள் சில உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு கணக்கிட்டாலும் ஒரு ஃப்ரீலான்ஸரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஷாட்டின் கடினம் அல்ல, திருத்தம்தான். கொட்டேஷனில் ‘இரண்டு கரெக்‌ஷன் இலவசம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். திங்கள்கிழமை இயக்குநர் வாட்ஸ்அப்பில் இரண்டு குறை சொல்வார். செவ்வாய் ஒளிப்பதிவாளர் வேறு மூன்று சொல்வார். எல்லாம் முடிந்து கோப்பு போன பிறகு, வெள்ளிக்கிழமை கடை முதலாளி முதன்முறையாகப் படத்தைப் பார்ப்பார்: “அந்த சைக்கிளையும் எடுத்துடுங்க தம்பி, எங்க கடை முன்னாடி எதுக்கு அது?” இதில் எத்தனை கரெக்‌ஷன்? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கரெக்‌ஷன் என்றால் என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மூன்று வகையாகப் பிரித்து எழுதினால் சண்டை வராது. கம்பம் இருந்த இடத்தில் ஓரம் தெரிகிறது, பேட்ச் சுவரோடு ஒட்டாமல் நீந்துகிறது, கிரெய்ன் இல்லாமல் உறைந்திருக்கிறது என்றால் அது வேலையின் குறை. அதை எத்தனை முறையானாலும் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். சுற்றுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் வரைந்த சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்த மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டால் அது வாடிக்கையாளரின் விருப்பம். ஒப்புக்கொண்ட இரண்டு சுற்றுகள் இதற்காகத்தான். சைக்கிளை எடு, வேறு டேக்கை மாற்றிவிட்டோம், ஷாட்டை ஸ்லோமோஷன் ஆக்கிவிட்டோம் என்பதெல்லாம் புது வேலை, புது விலை. ஸ்லோமோஷன் ஒரு சின்ன மாற்றம் என்று எடிட்டர் நினைப்பார். வேகம் மாறினால் கணினி இடையில் புது ஃப்ரேம்களை உருவாக்கும், அந்தக் கூந்தல் வேலை முழுவதும் திரும்ப வரும்.

ஒரு சுற்று என்பது ஒரே பட்டியல் என்பதையும் எழுத வேண்டும்: எல்லோரும் பார்த்த பிறகு, எந்த வினாடியில் என்ன என்று குறித்து, ஒருவர் மூலம் ஒரே தடவையில் வருவது. அந்த ஒருவர் யார் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்பது அவசியம். கடை முதலாளியின் சொல்தான் இறுதி என்றால், முதல் பிரதியையே அவரும் பார்த்தாக வேண்டும்.

எடிட் பூட்டப்பட்ட பிறகே வேலை தொடங்குவதும், ஒவ்வொரு ஷாட்டின் முன்னும் பின்னும் எட்டு ஃப்ரேம் கூடுதலாக வாங்கிச் செய்வதும் திருத்தத்தைக் குறைக்கும். எடிட்டர் பிறகு ஐந்து ஃப்ரேம் நீட்டினாலும் மறுபடி கோப்பைத் திறக்க வேண்டியிராது. இன்னொரு பொறி டிஐ எனப்படும் வண்ணம் சேர்க்கும் கட்டம். கேமராவிலிருந்து வெளிறி வரும் படத்தில் சுவரோடு கச்சிதமாகக் கலந்த பேட்ச், அங்கே வெளிச்சமும் அழுத்தமும் ஏற்றியதும் சதுரமாகத் தலைகாட்டும். அனுப்பும் முன் திரையில் காமாவை நன்றாக ஏற்றியும் இறக்கியும், ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். டிஐயில் என்ன வண்ணம் வரப்போகிறது என்ற மாதிரியைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

அந்த விளம்பரப் படத்துக்கு அனுப்பும் கொட்டேஷன், அப்படியானால், ஒரு பத்தியில் அடங்கும்: “மூன்று ஷாட்களில் பைக், மின்கம்பமும் கம்பிகளும், கண்ணாடிப் பிம்பமும் அதன் நிழலும் அகற்ற 17,500 ரூபாய். கோப்பும் பாதித் தொகையும் கிடைத்ததிலிருந்து ஆறு வேலை நாளில் முதல் பிரதி. இரண்டு சுற்றுத் திருத்தம் இதில் அடங்கும். ஒவ்வொன்றும் உங்கள் முழுப் பட்டியல் வந்த மறுவேலை நாளில் முடியும். என் வேலைக் குறைகளுக்குக் கட்டணமில்லை. மூன்றாம் சுற்றிலிருந்து மணிக்கு 500 ரூபாய். புதிதாக எதை அகற்றவும், எடிட் மாற்றத்துக்கும் தனி மதிப்பீடு. பாக்கித் தொகை வந்ததும் முழுத் தரக் கோப்பு அனுப்பப்படும். அதுவரை பெயர் முத்திரையிட்ட பிரதி.” நிழலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எதை அகற்றுகிறோம் என்று எண்ணி எழுதாத கொட்டேஷனில் சைக்கிள் தானாக நுழைந்துவிடும்.

தொகை அதிகம் என்று வாடிக்கையாளர் சொன்னால் ரேட்டைக் குறைப்பதைவிட வேலையைக் குறைப்பது நாணயமான வழி. கண்ணாடி ஷாட்டை ஒரு வினாடி வெட்டினால், பிம்பத்தைத் தாண்டி அந்தப் பெண் நடக்கும் பகுதி போய்விடும் என்று காட்டலாம். கம்பத்தை முழுவதும் எடுக்காமல், கதாநாயகி கடக்கும் கீழ்ப்பாதியை விட்டுவிட்டு வானத்தைக் கீறும் கம்பிகளை மட்டும் எடுத்தால் எவ்வளவு என்று இரண்டாவது விலை தரலாம். இப்படிப் பேசும்போது, எதற்குக் காசு போகிறது என்று வாடிக்கையாளருக்கும் பிடிபடுகிறது.

மிச்சம் பிடிக்க நினைக்கும் இயக்குநர்களுக்கான இடம் படப்பிடிப்புத் தளம். 1994இல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் லெப்டினன்ட் டானின் கால்கள் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் இருக்க வேண்டும். நடிகர் கேரி சினிஸின் கால்களில் நீலத் துணியைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். அழிக்க வேண்டிய பகுதி எது என்று பின்னால் கணினியில் பிரிப்பது அதனால் எளிதானது. அந்த ஆண்டின் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. துணிக்கடை விளம்பரத்துக்கு நீலத் துணிகூட வேண்டாம். கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டடி நகர்ந்து, மறைந்திருக்கும் சுவரை அதே வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துக் கொடுத்தால், பேட்ச் வரையும் மூன்று மணி நேரம் ஒன்றாகிவிடும். கதாநாயகி கம்பத்தைக் கடக்காமல் அதற்கு இந்தப் பக்கமே நடந்தால் ரோட்டோவின் ஆறு மணி நேரம் முழுவதும் மிச்சம். பதினைந்து மணி நேர ஷாட் ஏழாகும். அந்த ஒரு ஷாட்டில் மட்டும் 4,000 ரூபாயும் ஒரு நாளுக்கு மேலும் குறையும்.